‘உறை எண் 9’ சிறுகதை: தையற்காரர் செய்யும் பிழை நம்பும்படி இருக்கிறதா?

பாலாற்றங்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். வேலூரில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இறந்துபோன மனைவி பூத்தையல் போட்ட குஷன் உறைகளை இணையத்தில் விற்பனைக்கு இடப் பழகும் ஒரு முதிய தையற்காரரைப் பற்றியது. எனக்குத் தையல் தெரியாது. காட்பாடியில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு தையற்கடை உண்டு, அதன் வாசலில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் பயிற்சி. ஆகவே தொழில் தெரிந்தவர்கள் தயங்காமல் குறை சொல்லுங்கள். கதையை முழுவதும் கீழே தருகிறேன்.

*உறை எண் 9*

காந்தி ரோட்டுக்குப் பின்னால், விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும் சந்தில், மாஸ்டரின் கடை எட்டடிக்கு ஆறடி. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள்தாம் அவருடைய வாடிக்கையாளர்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு நைட்டியின் பக்கத்தைப் பிரித்து நாடா வைக்க வேண்டும், இளைத்துப் போனவருக்குக் கால்சட்டையைப் பிடிக்க வேண்டும். மொழி தேவைப்படாத வேலை. உடம்பில் எந்த இடம் என்று அவர்கள் தொட்டுக் காட்டுவார்கள், அவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்.

கோகிலா போய் 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைக்கு வரும் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் ஹெம்மிங் செய்வதும் அவள் வேலையாக இருந்தது. அது முடிந்த பிற்பகல்களில் வட்டச் சட்டத்தில் கேஸ்மென்ட் துணியை இறுக்கிப் பூப்போடுவாள். பூ முடிந்த துணியை அவர்தான் உறையாகத் தைத்து ஜிப் வைப்பார். அப்படிச் சேர்ந்தவை 23. தகரப் பெட்டியில், இரண்டு உறைகளுக்கு நடுவே ஒரு செய்தித்தாள் என்று அடுக்கி வைத்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தபோது அடியில் இருந்த இரண்டின் மேல் வெள்ளிப்பூச்சி ஓடியது. கஞ்சி போட்டு மடித்த இடத்தில் துணி சல்லடையாகியிருந்தது. அன்று மாலை மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் மீதி 21 உறைகளையும் ஒரு வேட்டியில் முடிந்து கடைக்கு எடுத்து வந்தார்.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கும் நவாஸ்தான், “இதையெல்லாம் போன்ல போட்டா வாங்குவாங்க மாஸ்டர்,” என்றான். கைவினைப் பொருள்களுக்கென்றே ஒரு தளம் இருந்தது. முதல் உறையைக் கடை வாசலில் விரித்து நவாஸ் படம் எடுத்தான். திரையில் மெரூன் நிறம் கத்தரிப்பூவாகத் தெரிந்தது. மாஸ்டர் போனையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நம்ம துணி இல்லையே தம்பி.”

“கலர் மாத்திடலாம் மாஸ்டர், அதுக்கு ஒரு பட்டன் இருக்கு.”

“நீ மாத்துறது உன் கண்ணுக்கு. வாங்குறவனுக்கு என்ன தெரியும்?”

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். வெயிலுக்காக அவர் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் வழியாகத்தான் அந்தச் சந்துக்கே வெளிச்சம் இறங்கியது. லைனிங் துணிக்கு நூல் பொருத்தம் பார்க்க ஐம்பது ஆண்டுகளாக அவர் செய்து வந்ததுதான்: துணியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போக வேண்டும். மறுநாள் காலை ஏழரைக்கு, எதிர் விடுதியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தில் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் உறையை வைத்தார்கள். கோகிலாவின் நூல் டப்பாவில் மிஞ்சியிருந்த மெரூன் கண்டையை மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “இப்ப சரி,” என்றார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நவாஸ் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துத் தமிழில் சொன்னான். எத்தனை இருக்கிறது என்ற கேள்விக்கு 1 என்று போட்டான். அடுத்து, “Who made it?” என்று இருந்தது.

“யாரு செஞ்சதுன்னு கேக்குது. மூணு பதில்தான் இருக்கு. நானே செஞ்சேன், என் கடை ஆள் செஞ்சாங்க, வேற கம்பெனியோ வேற ஆளோ செஞ்சாங்க.”

மாஸ்டர் கைவேலையை நிறுத்தினார். சந்தில் ஓர் ஆட்டோ பின்னோக்கி வந்து, திரும்ப முடியாமல், மீண்டும் முன்னோக்கிப் போனது.

“கடை ஆள்,” என்றார்.

ஒன்பதாவது உறைக்குச் சுற்றிலும் இரண்டங்குலச் சுருக்கு வைத்திருந்தது. நாடாவை ஓரத்திலிருந்து ஓரம் பிடித்து 20 அங்குலம் என்றார் மாஸ்டர், நவாஸ் அப்படியே இட்டான். கோயம்புத்தூரிலிருந்து வாங்கிய பெண்மணி பத்து நாள் கழித்து எழுதினார்: 20 அங்குலக் குஷன் உள்ளே நுழையவே இல்லை, ஜிப் பல் விட்டுவிட்டது. மாஸ்டர் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். அன்று இரவு மீதி உறைகள் அத்தனைக்கும் சுருக்கை விட்டு உள்ளளவு எடுத்து, சிறு சீட்டில் எழுதி, குண்டூசியால் குத்தினார்.

கடைசி உறை முடியாதது. சட்டத்திலிருந்து எடுக்காமலே பெட்டியில் கிடந்தது. ஒரு இதழின் பாதியில் ஊசி அப்படியே குத்தியிருந்தது. நவாஸ் போனை நீட்டினான். மாஸ்டர் தலையை அசைத்து, அந்த ஊசியைத் தொடாமல் துணியை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

சத்துவாச்சாரி வாசகன் எழுதியது:

நல்ல கதை. நீலத் தார்ப்பாய் மிகச் சரியான கவனிப்பு. நம் சந்துகளில் சித்திரை வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாயைக் கார்த்திகை வந்தாலும் அவிழ்ப்பதில்லை. அதன் கீழே எடுத்த படத்தில் மனித முகமே நோயாளி முகமாகத் தெரியும்.

ஒரு சிறிய யோசனை. உறைகளை அனுப்புவதற்கு முன் மாஸ்டர் அவற்றை உப்பு நீரில் ஊறவைப்பதாக ஒரு வரி சேர்க்கலாம். மெரூன் நூல் சாயம் விடும். உப்பு போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பது என் அம்மா வழி வழியாகச் செய்து வந்தது. அப்படிச் செய்தால் அவருடைய பொறுப்புணர்வும் வெளிப்படும்.

ஆரணி மருமகள் எழுதியது:

மெரூன் நிற உறை 16 அங்குலத்தில் இன்னும் இருக்கிறதா? எங்கள் வீட்டுச் சோபாவுக்கு அதே நிறத்தில் இரண்டு வேண்டும். விலையையும் மாஸ்டரின் தொலைபேசி எண்ணையும் தெரிவித்தால் வேலூர் வரும்போது நேரிலேயே வாங்கிக்கொள்வேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

அம்மா, இது கற்பனைக் கதை. மாஸ்டரும் இல்லை, உறைகளும் இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பழைய கத்தரி எழுதியது:

நான் குடியாத்தத்தில் 38 ஆண்டுகள் தையற்கடை வைத்திருந்தவன். கண் மங்கியதால் இப்போது விட்டுவிட்டேன். கதையின் முதல் பாதியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. காஜாவையும் ஹெம்மிங்கையும் வீட்டுப் பெண்கள் செய்வது எல்லாச் சிறு கடைகளிலும் உள்ள வழக்கம், அதற்குக் கூலி என்று தனியாக யாரும் எழுதி வைத்ததும் இல்லை.

ஆனால் ஒன்பதாவது உறையில் நீங்கள் மாஸ்டரை அவமானப்படுத்திவிட்டீர்கள். அந்தச் சுருக்கைத் தன் கையால் வைத்துத் தைத்தவர் அவர். சுருக்கு தனி, உள்ளே இருக்கும் பை தனி என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. நவாஸ் அளந்திருந்தால் அந்தப் பிழை நடக்கும், மாஸ்டர் அளந்தால் நடக்காது.

தையற்காரர் பிழை செய்ய வேண்டுமென்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. உடம்புக்குத் தைக்கிறவன் கையில் ‘லூஸ்’ என்ற ஒன்று ஊறிப்போயிருக்கும். 36 அங்குல மார்புக்கு 36 அங்குலச் சட்டை தைத்தால் மனிதன் மூச்சு விட முடியாது. நாலங்குலமாவது விட்டுத்தான் வெட்டுவோம். ஜாக்கெட்டுக்குக்கூட ஒன்றிரண்டு அங்குலம் விடுவோம். துணி எப்போதும் உள்ளே இருப்பதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கை அறிந்த கணக்கு. குஷனுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். உள்ளே போகிற திண்டு உறையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் உறை விறைப்பாக நிற்கும். ஆகவே உங்கள் மாஸ்டர் 16 அங்குல உறையைச் சரியாகவே அளந்திருப்பார். அதற்குக் கீழே, ‘இதற்கு 15 அங்குலத் திண்டு போதும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருப்பார். பிழை அந்த வரியில்தான் இருக்கும். வாங்கியவருக்கு உறை தொளதொளவென்று தொங்கும், பூ நடுவில் குழிந்து போகும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மகள் திருமணத்துக்குத் திண்டு உறை தைத்தபோது நானே இதைச் செய்தேன். சம்பந்தி வீட்டில் அவற்றைப் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தலை குனிந்தது.

வெள்ளைநூல் எழுதியது:

ராணிப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். 14 ஆண்டுகளாகக் கைப்பூத்தையல் செய்கிறேன், அதில் பாதிக் காலம் இணையத்திலும் விற்கிறேன். பழைய கத்தரி ஐயா சொன்னதுதான் இந்தக் கதைக்கு வேண்டிய பிழை. என் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

பூப்போட்ட துணி வெறுந்துணி அல்ல. அடைத்துப் போடும் தையலில் ஒவ்வொரு இழையும் துணியைச் சிறிது இழுத்துப் பிடிக்கிறது. சட்டத்தில் இருக்கும்வரை அது தெரியாது. சட்டத்தைக் கழற்றியதும் இதழ்களைச் சுற்றித் துணி லேசாகச் சுருங்கும். ஈரத்தில் நனைத்து, துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் பெரும்பகுதி நேராகும், முழுவதும் ஆகாது. மிச்சச் சுருக்கத்தை எடுப்பது உள்ளே இருக்கும் திண்டுதான். அது துணியை நான்கு பக்கமும் தள்ளிப் பிடிக்கும்போது பூ மலர்ந்து நிற்கும். திண்டு சிறிதானால் அந்தச் சுருக்கமெல்லாம் திரும்பி வந்துவிடும். வாங்கியவர், “படத்தில் இருந்ததுபோல் இல்லை, வேலை மட்டமாக இருக்கிறது,” என்றுதான் எழுதுவார். அளவில் தவறு என்று அவருக்குத் தோன்றாது. மாஸ்டரைப் பொறுத்தவரை அந்தச் சொல் கோகிலாவின் கைவேலையைக் குறை சொன்னதாகிவிடும். தன் பரிந்துரையால் அவளுக்குக் கெட்ட பெயர் வந்தது என்று அவர் கண்டுபிடிப்பதுதான் உங்கள் கதையின் நடுவாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சுருக்கு வைத்த உறையில் ஜிப் பல் விடுவதற்கு இந்தக் கனம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே அளவில் வெட்டினாலும் பூ அடர்த்தியாக உள்ள துணி முடிவில் சிறுத்திருக்கும். மாஸ்டர் 21 உறைகளுக்கும் அளவெடுத்துச் சீட்டுக் குத்துவது அதனால் மிகவும் பொருத்தம். அவற்றில் சில பதினாறே கால், சில பதினைந்தே முக்கால் என்று வரட்டும். எல்லாம் 16 என்று வந்தால் நான் நம்பமாட்டேன்.

சத்துவாச்சாரி நண்பருக்கு: உப்பைக் கதையில் சேர்க்க வேண்டாம். நூலுக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ள உதவுகிறது என்பது உண்மை. சாயமேற்றி முடித்த நூலில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது பிடித்து வைக்காது. அம்மா ஊறவைத்த உப்பு நீர் குளிர்ந்த நீராக இருந்ததும், முதல் தடவையிலேயே உபரிச் சாயம் வெளியேறியதும்தான் அவர் கண்ட பலன். இந்த உறைகளோ ஒருமுறைகூட நனையாதவை. அடர் மெரூனையும் கறுப்பையும் வெள்ளைத் துணிமேல் முதல்முறை ஊறவைப்பது ஆபத்து. வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, உறையின் பின்பக்கத்து நூல்மேல் ஐந்து நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். துண்டில் சிவப்பு ஏறினால், விவரத்தில் ‘சாயம் விடும், உலர் சலவை மட்டும்’ என்று எழுதிவிட வேண்டும். தண்ணீரில் போட்டுவிட்டு மறைக்கக் கூடாது.

சத்துவாச்சாரி வாசகன் எழுதியது:

உப்பைத் திரும்பப் பெறுகிறேன். அம்மாவின் வெள்ளைப் புடவை ஒன்று எப்படி இளஞ்சிவப்பாயிற்று என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் வேறு ஒரு கேள்வி. “கடை ஆள்” என்று மாஸ்டர் சொல்லும் இடத்தில் எனக்கு நெருடல். உருக்கத்துக்காக ஆசிரியர் ஒரு பொய்யை உண்மையாக்கியிருக்கிறார். இறந்தவர் கடை ஆளாக இருக்க முடியாது. உறைகளும் பழையவை. அவற்றைப் பழம்பொருள் என்றல்லவா பதிய வேண்டும்?

வெள்ளைநூல் எழுதியது:

அந்த மூன்று விடைகளும் எட்ஸி தளத்தின் படிவத்தில் உள்ளவை. I did, A member of my shop, Another company or person என்று திரையில் வரும். செய்தவர் யார் என்பதுதான் கேள்வி, அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது அல்ல. காஜாவும் ஹெம்மிங்கும் செய்து அந்தக் கடையை நடத்தியவர் கோகிலா. உறையாகத் தைத்தவர் மாஸ்டர். இருவரும் அந்தக் கடைதான். ஆகவே அவர் சொன்னது உருக்கம் அல்ல, சரியான விடை. சொல்லப்போனால் “நானே செய்தேன்” என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதை அவர் தேர்ந்தெடுக்காததுதான் கவனிக்க வேண்டியது.

எப்போது செய்தது என்பது தனிக் கேள்வி. 20 ஆண்டுகளுக்குக் குறையாதவற்றைத்தான் அந்தத் தளத்தில் ‘விண்டேஜ்’ என்று பதியலாம். பயன்படுத்தாமல் பெட்டியில் இருந்தவையானாலும் அந்தக் கணக்குதான். கோகிலா 1990களில் போட்டவை அதில் சேரும், போவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன் போட்டவை சேரா. எந்த உறை எந்த ஆண்டு என்று மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? இதைக் கதையில் யாரும் கேட்கவே இல்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால் விடை என் கதையிலேயே கிடக்கிறது. இரண்டு உறைகளுக்கு நடுவே ஒரு செய்தித்தாள் வைத்தாள் என்று நானே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் தேதி இருக்கும் அல்லவா? ‘வடஆற்காடு’ என்ற பெயரோடு பிரிக்கப்படாத மாவட்டச் செய்தி வந்த தாள் 1989க்கு முந்தையது என்று மாஸ்டரே சொல்லிவிடுவார், தேதி கிழிந்திருந்தாலும்.

பழைய கத்தரி எழுதியது:

இதில் கவனமாக இருங்கள். 1989இல் பிரித்த பிறகும் வேலூர்ப் பக்கத்து மாவட்டத்துக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் சில ஆண்டுகள் பெயர் இருந்தது. பெயரை வைத்து மட்டும் 1989க்கு முந்தையது என்று சொல்ல முடியாது. மேலும் உறை செய்த அன்றைய தாளைத்தான் வைத்தாள் என்பதற்கு என்ன உறுதி? பழைய தாள் எடைக்குப் போடுவதற்காக மூலையில் குவிந்திருக்கும், கைக்கு வந்ததை உருவியிருப்பாள். தாளின் தேதிக்குப் பிறகுதான் அந்த உறை மடிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். பழமைக்குச் சான்றாக அது உதவாது.

வெள்ளைநூல் எழுதியது:

ஐயா சொல்வது சரி. ஜிப்பைப் பாருங்கள் என்பேன். மாஸ்டர் பித்தளைப் பல் ஜிப்பிலிருந்து எப்போது நைலான் ஜிப்புக்கு மாறினார் என்பது அவருக்கே நினைவிருக்கும். தன் கையால் வைத்தது, மறக்காது. அதிலும் பழைய கையிருப்பு என்ற சந்தேகம் எஞ்சி நிற்கும்தான். நிச்சயமில்லாதவற்றை விண்டேஜ் என்று இடாமல் விடுவதுதான் நேர்மையான விற்பனை.

சித்தூர் சாலை எழுதியது:

எல்லோரும் தொழிலைப் பேசுகிறீர்கள். நான் முடிவைப் பற்றிப் பேசுகிறேன். இறந்தவள் விட்டுப்போன முடியாத வேலை, அதில் குத்திய ஊசி, அதைத் தொடாமல் மடித்து வைக்கும் கணவர். இந்தக் காட்சியை நான் இருபது கதைகளிலாவது படித்திருப்பேன். ஊசிக்குப் பதில் பேனா இருக்கும், அல்லது பாதி பின்னிய சுவெட்டர் இருக்கும். அதுவரை அளவும் நிறமும் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கடைசிப் பத்தியில் சிலையாக்கிவிட்டீர்கள்.

வெள்ளைநூல் எழுதியது:

சித்தூர் சாலை நண்பர் சொன்ன காரணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஊசி அங்கே இருக்கவே முடியாது. ஊசியைத் துணியில் குத்தி விட்டுவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்து, துளையைச் சுற்றிக் காவிக் கறை வட்டமாக இறங்கிவிடும், அது எளிதில் போகாது. பூத்தையல் கற்கும் சிறுமிக்கு முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான். முப்பது ஆண்டுகள் பூப்போட்டவள் இரவு படுக்கப் போகும் முன் ஊசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்திவிட்டுத்தான் போவாள். சட்டத்தையும் கழற்றிவிடுவாள், இல்லையென்றால் வட்டத் தடம் துணியில் பதிந்துவிடும்.

முடியாத துணி ஒன்று வேண்டுமென்றால், பாதிப் பூவும், மீதிக்குக் கார்பன் தாளில் பதித்த நீலக் கோடும் உள்ள துணியாக அது இருக்கலாம். அந்தக் கோடு அவள் வரைந்தது, அதன்மேல் தையல் ஏறினால்தான் மறையும்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஊசியை எடுத்துவிட்டேன். ஒன்பதாவது உறையின் பகுதியை நேற்றிரவு இப்படி மாற்றி எழுதினேன்:

*ஒன்பதாவது உறை மெரூன். நாடா பதினைந்தே முக்கால் காட்டியது. “பதினஞ்சு இஞ்சு திண்டு தாராளமா போவும்னு எழுது,” என்றார் மாஸ்டர். பத்து நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு படமும் இரண்டு வரியும் வந்தன. நவாஸ் முதலில் தனக்குள் படித்தான்.*

*“என்னடா எழுதியிருக்கு?”*

*“படத்துல பாத்த மாதிரி இல்லையாம். வேலை சுமாராம்.”*

*மாஸ்டர் போனை வாங்கிப் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். சோபாவின் மூலையில் உறை வாய் பிளந்து சாய்ந்திருந்தது. நடுப்பூ குழிக்குள் இறங்கி, இதழ்களைச் சுற்றிச் சுருக்கம் ஓடியது. அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். கூடத்து நாற்காலியில் கோகிலா போட்ட திண்டு ஒன்று இன்னும் இருந்தது. அதன் ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்த இலவம்பஞ்சுத் திண்டை இழுத்தார், எளிதில் வரவில்லை. கால்களுக்கு நடுவே உறையை இடுக்கிக்கொண்டுதான் உருவ முடிந்தது. வெளியே வந்ததும் அது மூச்சு விட்டதுபோல் உப்பியது. நாடாவைப் பிடித்தார். உறை 16, திண்டு 17.*

*கடைக்குத் திரும்பி, “அந்தம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிடு,” என்றார். “உறை அங்கியே இருக்கட்டும். பதினேழு இஞ்சு திண்டு வாங்கிப் போட்டுப் பாக்கச் சொல்லு. அளவு சொன்னது நான், வேலை மேல தப்பு இல்லன்னு எழுது.”*

முடிவுப் பத்தியை இன்னும் எழுதவில்லை. நீலக் கோடு போட்ட துணியை மாஸ்டர் தளத்தில் இடுவாரா, தானே தைத்து முடிப்பாரா, சும்மா வைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அந்தத் துணியே கதைக்கு வேண்டாமோ என்றும் தோன்றுகிறது.

பழைய கத்தரி எழுதியது:

இப்போதுதான் அவர் தையற்காரர். “கால்களுக்கு நடுவே இடுக்கி” என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், நானும் அப்படித்தான் உருவுவேன்.

பதினேழு என்பது இலவம்பஞ்சுக்குச் சரி. கோயம்புத்தூர் அம்மா கடையில் வாங்கப்போவது பாலியஸ்டர் பஞ்சுத் திண்டாக இருக்கும். அது அமுங்கிக் கொடுக்கும், ஓரங்குலம் போதாது.

வெள்ளைநூல் எழுதியது:

பாலியஸ்டருக்கு இரண்டங்குலம் என்று நானும் சொல்வேன். ஆனால் அது மலிவான திண்டுக்குத்தான். நன்றாக அடைத்த திண்டில் இரண்டங்குலம் கூட்டினால் பழைய ஜிப் தாங்காது, மூலைகளும் காதுபோல் நீட்டிக்கொள்ளும். மாஸ்டர் மூலைகளை அரையங்குலம் உள்வாங்கித் தைத்திருந்தால் காது வராது. தைத்திருக்கிறாரா?

பழைய கத்தரி எழுதியது:

என் கடையில் நான் உள்வாங்கித்தான் தைப்பேன். பூ மூலைவரை போயிருந்தால் உள்வாங்க முடியாது, இதழ் தையலுக்குள் போய்விடும். கோகிலா மூலைவரை பூப்போடுகிறவளா என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

மூலைவரை போடுகிறவள்தான் என்று நினைக்கிறேன். துணியில் வெற்றிடம் விட்டால் அவளுக்குப் பிடிக்காது. அப்படியானால் அந்த வீட்டில் முப்பது ஆண்டுகளாக மூலைக்காக ஒரு சண்டை நடந்திருக்கும், அவர் உள்வாங்கச் சொல்ல, அவள் மறுக்க. இதை எழுதிப் பார்க்கிறேன், ஒரு வாரம் கொடுங்கள்.

ஆரணி மருமகள் எழுதியது:

கற்பனை என்று தெரிந்தும் கேட்கிறேன். வீட்டில் இருக்கும் என் பழைய உறைகள் நான்கும் தொளதொளவென்றுதான் இருக்கின்றன. இன்று அளந்து பார்த்தேன், உறையும் 16, திண்டும் 16. திண்டை மாற்றாமல், ஜிப் இல்லாத பக்கத்தில் அரையங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தால் சரியாகுமா?

பழைய கத்தரி எழுதியது:

ஆகும் அம்மா. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பூ நடுவை விட்டு நகர்ந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் கால் அங்குலம் கால் அங்குலமாகப் பிடியுங்கள். ஜிப் உள்ள பக்கத்தைத் தொடாதீர்கள், அதன் இரு பக்கத்திலும் உள்ள தையல்களைப் பிடியுங்கள். முதலில் ஓட்டுத் தையல் போட்டு, திண்டை நுழைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மெஷினில் ஓட்டுங்கள்.